இருபரிமாண அரே: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: இருபரிமாண அரே நினைவகத்திலும் கட்டம் கட்டமாகவே இருக்கிறது.

உண்மை: நினைவகத்தில் நிரையும் இல்லை, நிரலும் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிட்ட பைட்டுகள் மட்டுமே உண்டு. சி மொழியில் `int A[3][4]` என்று அறிவித்தால், முதல் நிரையின் நான்கு எண்கள், அவற்றை ஒட்டி இரண்டாம் நிரையின் நான்கு, பிறகு மூன்றாம் நிரையின் நான்கு எனப் பன்னிரண்டும் ஒரே வரிசையில் அமர்கின்றன. இதுவே நிரை முதன்மை வரிசை.

ஓர் உறுப்பின் இடத்தைக் கம்பைலர் கணக்கிட்டே அறிகிறது. அரே 1000 என்ற முகவரியில் தொடங்குகிறது, ஒரு `int` 4 பைட் என்று கொள்வோம். `A[1][2]`-க்கு முன்னால் ஒரு முழு நிரையும் (4 உறுப்புகள்), அது இருக்கும் நிரையில் 2 உறுப்புகளும் உள்ளன. ஆகவே அதன் முகவரி 1000 + (1×4 + 2)×4 = 1024. இந்தக் கணக்கில் நிரல்களின் எண்ணிக்கையான 4 வருகிறது. நிரைகளின் எண்ணிக்கையான 3 வரவே இல்லை. ஃபங்ஷனுக்கு அரேயை அனுப்பும்போது `int A[][4]` என்று முதல் அளவை விட்டுவிடலாம், இரண்டாவதை விடக்கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுதான்.

நம்பிக்கை: எல்லை தாண்டிய சுட்டெண்ணைக் கொடுத்தால் பிழைச் செய்தி வரும்.

உண்மை: சி மொழி எல்லையைச் சரிபார்ப்பதில்லை. மேற்கண்ட அரேயில் `A[0][4]` என்ற உறுப்பு கிடையாது. ஆனால் சூத்திரப்படி அதன் முகவரி 1016. அதுதான் `A[1][0]`-இன் இடம். அங்கே எழுதினால், பெரும்பாலும் அடுத்த நிரையின் முதல் எண் சத்தமில்லாமல் மாறிவிடும். மொழியின் விதிப்படி இதன் விளைவு வரையறுக்கப்படாதது. எதையும் நம்பியிருக்க முடியாது. ஒரு நிரையின் முதல் எண் மட்டும் காரணமின்றித் தவறாக வந்தால், முந்தைய நிரையை நிரப்பும் லூப்பில் `<` இருக்க வேண்டிய இடத்தில் `<=` இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: அணிக் கூட்டலில் எந்த லூப் வெளியே, எது உள்ளே என்பது பொருட்டல்ல.

உண்மை: விடை மாறாது, நேரம் மாறும். ஒவ்வொன்றும் 1000×1000 அளவுள்ள மூன்று `double` அணிகளில் `C[i][j] = A[i][j] + B[i][j]` என்று கூட்டுவதாகக் கொள்வோம். செயலி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை மட்டும் எடுப்பதில்லை. பெரும்பாலான கணினிகளில் 64 பைட் கொண்ட துண்டாகக் கேஷுக்குக் கொண்டுவருகிறது. ஒரு துண்டில் 8 `double` எண்கள் அடங்கும். `j` உள் லூப்பில் இருந்தால், வந்த எட்டும் உடனடியாகப் பயன்படும்.

`i` உள் லூப்பில் இருந்தால் ஒவ்வோர் அடியும் 8000 பைட் தாண்டி விழும். ஒரு நிரலை இறங்கி முடிக்க ஓர் அணிக்கே 1000 துண்டுகள், அதாவது 64,000 பைட் தேவை. பல செயலிகளின் முதல்நிலைக் கேஷ் இதைவிடச் சிறியது. அடுத்த நிரலுக்குத் திரும்பும்போது முன்பு வந்த துண்டுகள் வெளியேறியிருக்கும். அவற்றை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

நம்பிக்கை: அணிப் பெருக்கலை i, j, k என்ற வரிசையில்தான் எழுத வேண்டும்.

உண்மை: பாடநூல் முறையில் `k` உள் லூப்பில் இருக்கும். அப்போது `A[i][k]` நிரையோடு நகரும். `B[k][j]` நிரலில் இறங்கி ஒவ்வோர் அடியிலும் ஒரு நிரையைத் தாண்டும். `j`, `k` இரண்டையும் இடம் மாற்றினால் இந்தத் தாவல் போய்விடும்:

```c
for (i = 0; i < n; i++)
  for (k = 0; k < n; k++)
    for (j = 0; j < n; j++)
      C[i][j] += A[i][k] * B[k][j];
```

A-யின் நிரைகள் (1, 2), (3, 4) என்றும் B-யின் நிரைகள் (5, 6), (7, 8) என்றும் கொள்வோம். C-யின் முதல் நிரை (0, 0) என்று தொடங்குகிறது. k = 0 ஆகும்போது 1×(5, 6) சேர்ந்து (5, 6) ஆகிறது. k = 1 ஆகும்போது 2×(7, 8) சேர்ந்து (19, 22) ஆகிறது. வழக்கமான முறையிலும் இதே விடைதான். பெருக்கல்களின் எண்ணிக்கையும் அதே n³. இங்கே ஒவ்வோர் உறுப்பும் பகுதி பகுதியாகச் சேர்வதால், C முழுவதையும் முன்கூட்டியே பூச்சியமாக்குவது கட்டாயம்.

2×2 அணியில் வேக வேறுபாடு தெரியாது. அணி கேஷில் அடங்காத அளவு வளரும்போதுதான் அது தெரியும். சில கம்பைலர்கள் லூப்புகளைத் தாமே மாற்றிக்கொள்ளவும் கூடும் என்பதால், இரு வடிவங்களையும் `clock()` கொண்டு அளந்து பார்ப்பதே சரி.

நம்பிக்கை: எல்லா மொழிகளுக்கும் இதே விதி.

உண்மை: ஃபோர்ட்ரானும் மேட்லேபும் நிரல் நிரலாகச் சேமிக்கின்றன. அங்கே முதல் சுட்டெண் உள் லூப்பில் இருப்பதே வேகம். சி மொழியில் கடைசிச் சுட்டெண் உள் லூப்பில் இருக்க வேண்டும்.