எத்தனை ஏஸ் என்பதற்கு முன் எத்தனை புள்ளி

2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னர் நிக்கோலா மாஹூவுக்கு எதிராக 113 ஏஸ் அடித்தார். டென்னிஸ் பார்ப்பவர்கள் பலருக்கும் இந்த எண் தெரியும். அந்த ஆட்டத்தில் மொத்தம் 980 புள்ளிகள் ஆடப்பட்டன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் ஏறக்குறையப் பாதி இஸ்னர் சர்வ் போட்டவை. அப்படிப் பார்த்தால் நூறு சர்வ் புள்ளிக்கு 23 ஏஸ் வருகிறது. இஸ்னருக்கு அது நல்ல நாள்தான், ஆனால் அதிசயம் இல்லை. அவருடைய வழக்கமான விகிதமே இருபதை ஒட்டித்தான் இருந்தது. 113 என்ற எண்ணை உண்டாக்கியது கடைசி செட்டின் 70-68.

நான் வசிக்கும் லண்டனில் டென்னிஸ் ஆட்டங்களுக்கு வெற்றி தோல்வியைத் தாண்டி ‘ப்ராப்’ பந்தயங்கள் உண்டு. இன்னார் 8.5 ஏஸுக்கு மேலா கீழா, 3.5 டபுள் ஃபால்ட்டுக்கு மேலா கீழா என்று கேட்பார்கள். பிரிட்டனில் இது சட்டப்படி நடக்கிறது. இந்தியாவிலோ பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது கணிப்பு. பல சீசன்களாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு: விகிதத்தையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும். ‘கடைசி ஐந்து ஆட்டத்தில் சராசரி பத்து ஏஸ்’ என்ற வரியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அந்த ஐந்தில் இரண்டு ஆட்டம் டைபிரேக் வரை இழுத்திருந்தால் அந்தப் பத்துக்குப் பொருளே வேறு.

விகிதத்துக்கு மூன்று எண்கள் போதும். ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். புல்தரையில் மூன்று செட் ஆட்டம். அந்தப் போட்டியில் ஆண்களின் பொதுவான ஏஸ் விகிதம் 10.5 சதவீதம். நம் ஆட்டக்காரர், தான் ஆடிய தரைகளின் சராசரியைவிட 30 சதவீதம் கூடுதலாக ஏஸ் அடிப்பவர். எதிராளி நல்ல ரிட்டர்ன் ஆட்டக்காரர். மற்றவர்கள் பத்து ஏஸ் வாங்கும் இடத்தில் எட்டுதான் வாங்குவார். 10.5-ஐ 1.3-ஆலும் 0.8-ஆலும் பெருக்கினால் 10.9 சதவீதம்.

அடுத்து எத்தனை புள்ளி என்ற கேள்வி. இரண்டு செட்டில் முடிந்தால் நம்மவர் சுமார் 58 புள்ளிகளுக்கு சர்வ் போடுவார், மூன்றாவது செட் போனால் சுமார் 88 என்று வையுங்கள். நேர் செட்டில் முடிய 60 சதவீத வாய்ப்பு என்றால் சராசரி 70 புள்ளி, 7.6 ஏஸ். பலர் இங்கேயே நிறுத்தி, 8.5-க்குக் கீழ் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் இரண்டு ஆட்டங்களாகப் பிரித்துப் பார்ப்பேன். நேர் செட் ஆட்டத்தில் எதிர்பார்ப்பு 6.3 ஏஸ். பாய்சான் பரவல்படி ஒன்பது அல்லது அதற்கு மேல் வர 19 சதவீதம்தான் வாய்ப்பு. மூன்று செட் ஆட்டத்தில் எதிர்பார்ப்பு 9.6 ஆகிறது, வாய்ப்பு 62 சதவீதம். இரண்டையும் அவற்றின் எடையோடு கூட்டினால் 36 சதவீதம். ஆக, இந்தப் பந்தயத்தின் பெரும்பகுதி ‘மூன்றாவது செட் வருமா’ என்ற கேள்விதான். ஆட்டம் எவ்வளவு சமமானது என்று எனக்கு ஒரு கருத்து இல்லாவிட்டால், ஏஸ் பற்றியும் கருத்துச் சொல்லமாட்டேன்.

எதிராளியின் ரிட்டர்னை மதிப்பிடுவதில்தான் சுவையான சிக்கல். வலுவான ரிட்டர்ன் ஆட்டக்காரர் ஏஸ் விகிதத்தைக் குறைக்கிறார், சரி. ஆனால் ஜோகோவிச், டி மினார் போன்றவர்கள் ஒவ்வொரு கேமையும் டியூஸுக்கு இழுக்கவும் செய்வார்கள். அதனால் சர்வ் போடுபவருக்குப் புள்ளிகள் கூடுகின்றன. இன்னொரு பக்கம், சர்வை எளிதில் முறித்து 6-2, 6-2 என்று முடித்துவிட்டால் கேம்களே குறைந்துபோகும். ஒரே திறமை எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்கிறது. ஆகவே ரிட்டர்னில் அவர் வென்ற புள்ளிகளின் சதவீதத்தை ஏஸ் கணக்கில் அப்படியே போடக் கூடாது. அவருக்கு எதிராக எத்தனை சதவீதம் ஏஸ் விழுந்திருக்கிறது என்ற எண்தான் வேண்டும். அதையும் அவர் யார் யாரை எதிர்கொண்டார் என்று பார்த்துத் திருத்த வேண்டும். தொடர்ந்து நெடிய சர்வர்களோடு மோதியவரின் எண் இயல்பாகவே மோசமாகத் தெரியும். மட்டையில் உரசிய பந்து ஏஸ் கணக்கில் சேராது என்பதால், நீண்ட கைகளும் முன்கூட்டிய ஊகமும் உள்ளவர்கள் அந்தப் புள்ளியைத் தோற்றாலும் ஏஸைத் தடுத்துவிடுவார்கள்.

தரை விஷயத்தில் பெயரை மட்டும் நம்பாதீர்கள். மாட்ரிட்டும் ரோமும் களிமண்தான். ஆனால் மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் பந்து வேகம் இழக்காமல் வருகிறது, ஏஸும் கூடுகிறது. ஆகவே ‘களிமண்’ சராசரிக்குப் பதில் அந்தப் போட்டியின் முந்தைய ஆண்டுகளின் விகிதத்தையே அடிப்படையாக எடுப்பேன். புல்தரையில் வேறொரு தொல்லை. சீசன் சில வாரங்கள்தான், ஆட்டக்காரருக்குக் கிடைப்பது நாலைந்து ஆட்டம். அவ்வளவு சிறிய பதிவைப் பெரிதாக எடுக்காமல், ஹார்ட் கோர்ட்டில் அவர் சராசரியை எவ்வளவு மிஞ்சுகிறார் என்பதைப் புல்தரைக்குக் கொண்டுவருவது நம்பகமானது.

டபுள் ஃபால்ட் வேறு ஜாதி. அங்கே எதிராளிக்கும் தரைக்கும் பங்கு குறைவு, சர்வ் போடுபவரே பெரும்பகுதி. அதை மொத்தப் புள்ளிகளால் வகுக்காமல், இரண்டாவது சர்வ்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதல் சர்வ் 60 சதவீதம் உள்ளே விழுகிறது, இரண்டாவதில் பத்துக்கு ஒன்று தவறுகிறது என்றால் நூறு புள்ளிக்கு நான்கு டபுள் ஃபால்ட். காற்றடிக்கும் நாளில் முதல் சர்வ் 52 சதவீதமாக இறங்கினால், இரண்டாவது சர்வ் அப்படியே இருந்தாலும் எண்ணிக்கை 4.8 ஆகிவிடும். அந்தக் காற்று இரண்டாவதையும் கெடுக்கும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். கூரை மூடிய அரங்கில் இந்தக் கவலை இல்லை. எதிராளியின் பங்கு என்றால், இரண்டாவது சர்வை முன்னேறி வந்து அடிப்பவர்களுக்கு எதிராகச் சிலர் கூடுதல் வேகத்துக்கு முயன்று தவறுவார்கள். அதற்கு நான் சிறு திருத்தம்தான் தருவேன்.

டபுள் ஃபால்ட்டில் பாய்சான் பரவல் ஏஸைவிட அதிகமாகப் பொய்க்கும். தவறுகள் கொத்தாக வரும், ஒன்று அடுத்ததைக் கூட்டிவரும். 2019 சின்சினாட்டியில் ஸ்வெரெவ் கெக்மனோவிச்சிடம் தோற்ற மூன்று செட் ஆட்டத்தில் 20 டபுள் ஃபால்ட். எந்தச் சராசரியும் அதைச் சொல்லியிருக்காது. அதனால் சர்வ் தடுமாறும் ஆட்டக்காரருக்கு வாலை நீளமாக வைத்துக் கணக்கிடுவேன்: வழக்கமான நாள் ஒன்று, உடைந்த நாள் ஒன்று என்று இரண்டு விகிதங்கள். பதிவு பழசாகிவிடுவதும் இங்கேதான் அதிகம். சபலென்கா 2022-இல் டபுள் ஃபால்ட்டால் திணறினார். உயிர்இயக்கவியல் நிபுணரின் உதவியோடு சர்வ் அசைவைத் திருத்திக்கொண்டு, 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். ஓராண்டுச் சராசரியை அப்போது நம்பியவர்கள் வேறொருவரின் சர்வைத்தான் கணித்துக்கொண்டிருந்தார்கள். அசைவு மாறியதாகச் செய்தி வந்தால் பழைய ஆட்டங்களின் எடையைக் குறைத்துவிடுங்கள்.

கடைசியாக விலை. மேலுக்கும் கீழுக்கும் 1.83 என்று போட்டிருந்தால், ஒவ்வொன்றும் 54.6 சதவீத வாய்ப்பைக் குறிக்கிறது. இரண்டும் சேர்ந்து 109. நூறுக்கு மேலுள்ள அந்த ஒன்பது பந்தய நிறுவனத்தின் பங்கு. நமது எடுத்துக்காட்டில் ‘கீழ்’ 64 சதவீதம், ஆகவே இடைவெளி தாராளமாகவே தெரிகிறது. இவ்வளவு பெரிய இடைவெளி கண்ணில் பட்டால், மகிழ்வதற்கு முன் மூன்றாவது செட்டுக்குக் கொடுத்த 40 சதவீதத்தைத் திரும்பச் சரிபார்ப்பேன். அதை 60 ஆக்கினால் ‘கீழ்’ 55-க்குச் சரிந்து, லாபம் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுகிறது. காயத்தால் ஒருவர் பாதியில் விலகினால் பந்தயம் செல்லுமா ரத்தாகுமா என்ற விதியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ‘கீழ்’ பக்கம் நிற்பவர் அதை முதலிலேயே படித்துவிட வேண்டும்.