புண்ணின் படத்தில் தெரிவதும் தெரியாததும்

நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, "இது எந்த நிலை, டாக்டர்?" என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. அத்தகைய படத்தில் நாங்கள் புண்ணின் ஆழம், இறந்த திசு, கிருமித்தொற்றின் அறிகுறிகள் ஆகிய மூன்றையும் தேடுகிறோம். இறந்த திசுவைப் படம் பெரும்பாலும் காட்டிவிடும். தொற்றைப் பாதியளவே காட்டும். ஆழத்தையோ பல நேரங்களில் மறைத்துவிடும்.

நாங்கள் பயன்படுத்தும் வாக்னர் வகைப்பாட்டில் ஆழத்துக்கே முதலிடம். தோலளவில் நிற்கும் புண் முதல் நிலை. தசைநாண், மூட்டு, எலும்பு ஆகியவற்றை எட்டினால் இரண்டாம் நிலை. ஆழத்தில் சீழ்க்கட்டியோ எலும்புத் தொற்றோ சேர்ந்தால் மூன்றாம் நிலை. விரலோ பாதத்தின் முன்பகுதியோ அழுகினால் நான்காம் நிலை. பாதம் முழுவதும் அழுகினால் ஐந்தாம் நிலை.

அறுபது வயதை நெருங்கிய ஒருவரின் படத்தை அவருடைய மகன் அனுப்பியிருந்தார். வலது உள்ளங்காலில், பெருவிரலின் அடிமேட்டில் வெண்மையான காய்ப்பு. அதன் நடுவே மிளகளவு துளை. "சின்னப் புண்தான், அப்பாவுக்கு வலியே இல்லை" என்று உடன் எழுதியிருந்தார். வலியின்மை எங்களுக்கு ஆறுதல் தரவில்லை. நரம்புகள் உணர்விழந்த பாதத்தில் எலும்புவரை சென்ற புண்ணும் வலிக்காது.

துளையைச் சுற்றி மஞ்சள் நிறம் தெரிந்தது. அது இறந்த திசுவா, பூசிய மஞ்சளா என்று கேட்டோம், மஞ்சள்தான் என்றார். கொதித்து ஆறிய நீரால் மெல்லக் கழுவி, சன்னல் ஓரத்து வெளிச்சத்தில், ஃபிளாஷ் இன்றி மீண்டும் எடுக்கச் சொன்னோம். காப்பித்தூளும் கருமையான களிம்பும் இவ்வாறே ஏமாற்றும். கழுவிய பின்னரும் ஒட்டியிருக்கும் மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் படலமும், கரும்பொருக்குமே இறந்த திசு என்று கொள்ளத்தக்கவை. ஈரமான செம்மணிகள் போலத் தெரிவது புதிதாய் வளரும் நல்ல திசு. இரண்டாம் படத்தில் துளைக்குள் மஞ்சட்படலம் சிறிது இருந்தது; கருமை இல்லை.

மூன்றாவதாக, இரு பாதங்களையும் அருகருகே வைத்து மேற்புறத்திலிருந்து ஒரு படம் கேட்டோம். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. மற்றப் பாதத்தோடு ஒப்பிட்டால்தான் நிறமாற்றமும் வீக்கமும் தெரியும். வலது பெருவிரல் முழுவதும் உப்பிப் பளபளத்தது. கருஞ்சிவப்பு விரலிடுக்கைத் தாண்டிப் பரவியிருந்தது. புண்ணின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவப்புப் பரவினாலே தொற்று மிதமான வகையைச் சேர்ந்துவிடுகிறது. காய்ச்சல் இருக்கவில்லை. ஆயினும் உணவில் மாற்றமின்றியே இரு நாளாகச் சர்க்கரை ஏறியிருந்ததை மகன் குறிப்பிட்டார். அது உள்ளே தொற்று இருப்பதற்கான குறிப்பாகலாம். படத்தில் அது தெரியாது.

படத்தை மட்டும் கொண்டு நிலை குறித்திருந்தால் முதல் நிலை என்றே எழுதியிருப்போம். மாறாக, "ஆழம் அறியப்படவில்லை, இன்றே வர வேண்டும்" என்று பதில் அனுப்பினோம். மருத்துவமனையில் காய்ப்பைச் சீவியதும் மிளகளவுத் துளை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலமுள்ள புண்ணாக விரிந்தது, சீழும் வெளிவந்தது. கிருமிநீக்கிய மழுங்கு முனைக் கம்பியை மெல்லச் செலுத்தியபோது அது கடினமான எலும்பில் தட்டியது. தொற்றுள்ள புண்ணில் கம்பி எலும்பைத் தொடுவது, எலும்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு வலுவான சான்று. (எக்ஸ்ரே இயல்பாக இருப்பதாக மகிழ வேண்டாம், எலும்புத் தொற்றின் மாற்றங்கள் அதில் தோன்ற இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம்.) ஸ்கேன் அதை உறுதிப்படுத்தியது. மூன்றாம் நிலை. இச்சோதனையை வீட்டில் எவரும் செய்யலாகாது.

இரத்த ஓட்டத்தையும் படம் காட்டாது. ஓட்டம் குன்றிய பாதத்தில் தொற்று இருந்தும் சிவப்புக் குறைவாகவே தோன்றும். எனவே வெளிறிய, அமைதியான தோற்றமுள்ள புண்ணின் படத்தைப் பார்த்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை. பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்தே சொல்கிறோம்.

படம் அனுப்பும்போது புண்ணைத் தொடாமல் அதனருகே சென்டிமீட்டர் கோடிட்ட அளவுகோல் ஒன்றை வையுங்கள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் தோலில் கோடிட்டு நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் தொற்று பரவுகிறது. வெப்பத்தை உங்கள் புறங்கையால் இரு பாதங்களிலும் ஒப்பிட்டு, எந்தப் பாதம் சூடு என்று எழுதுங்கள். துர்நாற்றம், ஈரமான கருமை, காய்ச்சல், குளிர்நடுக்கம், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் படமெடுக்க நிற்க வேண்டாம். நோயாளியை நடக்க விடாமல் நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.