கத்துவது காலேஜைப் பார்த்து இருக்கட்டும்

கல்ச்சுரல்ஸுக்குப் போய்விட்டு எதிர்க் கல்லூரியைக் கலாய்க்காமல் வந்தால் போனதாகவே கணக்கில்லை. சென்னையில் மாணவனாக நானும் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். இப்போது மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியராகக் கடைசி வரிசையில் உட்காருகிறேன். கலாய்ப்பு எந்த இடத்தில் கைகலப்பாகத் திரும்பும் என்பது அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

கல்லூரிப் பெயர் போய் ஆள் பெயர் காதில் விழுந்தால் உஷாராக வேண்டும். ஆட்ஜாப்பில் ஒருவன், “உங்க காலேஜுக்கு வர ரெண்டு பஸ் மாறி ஷேர் ஆட்டோ பிடிக்கணும், அட்மிஷனோட டிராவல் அலவன்ஸும் குடுங்க” என்றால், அந்தக் கல்லூரிக்காரர்களே முதலில் சிரிப்பார்கள். தூரம், கேன்டீன் சாம்பார், போன வருஷம் கோட்டைவிட்ட ஷீல்டு எல்லாம் பொதுச் சொத்து. பதிலுக்கு அவர்களும் நம்மை வாரலாம். ஒருவரின் நிறம், உடம்பு, இங்கிலீஷ் உச்சரிப்பு, சாதியை ஜாடையாகத் தொடும் பேச்சு இவற்றுக்குப் பதில் நக்கல் கிடையாது. அங்கே பதில் கைதான்.

அடுத்தது நேரம். ஒரு லைட் மியூசிக் போட்டியில் எதிரணி சவுண்ட் செக் செய்யும்போது, ஒவ்வொரு “செக், செக்”குக்கும் எங்கள் பையன்கள் “ஒன்ஸ் மோர்” கேட்டார்கள். டிரம்மர் பையனும் சளைக்காமல் ஒரு உருட்டு உருட்டிக் காட்டினான். பிறகு சரணத்தில் பாடகியின் மைக் செத்துப்போனது. மறுபடியும் “ஒன்ஸ் மோர்” கிளம்பும்போதே எங்கள் கோஷத் தலைவன் எழுந்து, “டேய், தாளம் மட்டும் போடுங்கடா” என்றான். அந்தப் பெண் மைக் இல்லாமலே முடித்தாள். அடுத்து எங்கள் அணி ஏறியதும் அவர்கள் “ஒன்ஸ் மோர்” கேட்டுப் பழிதீர்த்துக்கொண்டார்கள், அரங்கமே சிரித்தது.

ஆகவே காலையிலேயே இரண்டு கோஷத் தலைவர்களையும் டீக்கடையில் அறிமுகப்படுத்திவிடுவேன். ஒப்பந்தம் ஒன்றுதான்: தலைவன் கையைத் தூக்கினால் அவன் கும்பல் நிறுத்த வேண்டும். அடுத்த அணிக்காரன் அடக்கப் போனால் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆகிவிடும்.

எனக்குப் பயம் மேடையைவிட முடிவு அறிவிக்கும் நேரத்தில்தான். நடுவர்கள் மார்க் கூட்டிக்கொண்டிருப்பார்கள், இரண்டு கும்பலும் பசியோடு சும்மா நிற்கும். நடத்துபவர்கள் அப்போது பாட்டுப் போட்டு ஆடவிடுவது நல்லது. ஜெயித்தவர்கள் தங்கள் கல்லூரிப் பெயரைச் சொல்லிக் கத்தட்டும், தோற்றவர்கள் பெயரைத் தொட வேண்டாம். தோற்ற கல்லூரி பஸ் முதலில் கிளம்பட்டும். ஷீல்டோடு போட்டோ எடுத்து முடிக்க நமக்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகும். மைக் செத்த வீடியோவை ராத்திரி ஸ்டேட்டஸில் போடாதீர்கள் என்று பஸ்ஸில் ஏறியதும் ஒருமுறை சொல்லிவிடுவேன். வளாகத்தில் வராத சண்டை போனில் வந்துவிடும்.