முதல் இரண்டு வரி

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதமும் அதோடு இணைத்திருந்த மெயில் வரைவும் வந்து சேர்ந்தன. நூற்பாலைகளில் காற்றுக்கசிவு கண்டுபிடிக்கும் கருவி விற்கிறீர்கள். ஆலைக்காரர் எழுதிய கட்டுரையையோ பேசிய பேச்சையோ பாராட்டி மெயிலை ஆரம்பித்தால் பதில் வரும் என்று யாரோ சொல்ல, அப்படியே நாற்பது பேருக்கு அனுப்பியும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள்.

வணக்கமும் நலம் விசாரிப்பும் தாண்டியதும் வரைவின் முதல் வரி இது: “கம்ப்ரஸர் காற்றுச் சிக்கனம் பற்றிய உங்கள் கட்டுரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது, நிறையக் கற்றுக்கொண்டேன்.” கட்டுரையின் தலைப்பை மட்டும் பார்த்தவரும் இந்த வரியை எழுதிவிடலாம். அதைப் பெறுகிறவருக்கும் அது தெரியும். “அப்படி என்னப்பா கற்றுக்கொண்டாய்?” என்று அவர் ஃபோனில் கேட்டால் உங்களிடம் பதில் இருக்கிறதா?

நல்லவேளையாகக் கட்டுரையையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் ஒரு நூற்பாலையின் பராமரிப்பு மேலாளர். பண்டிகை விடுமுறையில் ஆலை நின்றிருந்தபோது கம்ப்ரஸரை மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். எந்த எந்திரமும் காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் கம்ப்ரஸர் லோடு எடுக்கிறது என்றால் அந்தக் காற்று முழுக்கக் கசிவுக்குத்தான் போகிறது. 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு. ஆக 8 நிமிடத்தில் 2, அதாவது 25 சதவீதக் கசிவு. இதுவரை பழைய சோதனைதான், எல்லாப் பராமரிப்பு ஆட்களுக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்டோகோனர்களுக்குப் போகும் வால்வுகளை மூடிவிட்டு மறுபடி ஓட்டியிருக்கிறார். இந்த முறை 1 நிமிடம் லோடு, 9 நிமிடம் அன்லோடு. கசிவு 10 சதவீதமாக இறங்கிவிட்டது. 25-இல் 15 பங்கு எந்திரங்களுக்கு உள்ளேயே, ஸ்ப்ளைசர் பக்கத்துச் சீல்களிலும் டியூப்களிலும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கூரையோரம் ஓடும் மெயின் குழாயைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். அவர் சந்தேகத்தைக் கீழே இறக்கியிருக்கிறார்.

நீங்களோ, உங்கள் கடிதப்படி, கருவியைப் பிடித்துக்கொண்டு மெயின் குழாய் வழியேதான் நடந்துகொண்டிருக்கிறீர்கள். ஆகவே அந்தப் பத்தி உங்களைக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்திய இடத்தைத்தான் எழுத வேண்டும். நான் எழுதினால் இப்படி இருக்கும் (நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், தமிழில் யோசித்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்):

“ஆட்டோகோனர் வால்வுகளை மூடியதும் கசிவு 25-இலிருந்து 10-க்கு இறங்கியதாக எழுதியிருந்தீர்கள். ஆலைகளில் நாங்கள் இதுவரை மெயின் குழாயை மட்டுமே சோதித்து வந்தோம், பெரும்பங்கை விட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. சீல்களை மாற்றிய பிறகு எத்தனை மாதத்தில் கசிவு திரும்புகிறது என்று பார்த்தீர்களா?

நான் கசிவு கண்டறியும் கருவி விற்பவன். உங்கள் ஆலையில் ஒரே ஒரு ஆட்டோகோனரில் அதை வைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் அனுமதி கிடைக்குமா?”

இதில் ‘அருமை’, ‘சிறப்பு’ எதுவும் கிடையாது. ஒருவர் எழுதியதை வைத்து நம் வேலையில் ஒன்றை மாற்றிக்கொள்ள யோசிக்கிறோம் என்பதைவிட எந்தப் பாராட்டு அவருக்கு வேண்டும்? அந்தக் கேள்வியையும் கவனியுங்கள். அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. கசிவு சில மாதங்களில் திரும்புகிறது என்று அவர் சொன்னால், அடிக்கடி சோதிக்கக் கருவி வேண்டும் என்பது அவர் வாயாலேயே வந்துவிடும். ‘இது ஒருபுறம் இருக்க, எங்கள் நிறுவனம் 2009 முதல்’ என்று உங்கள் வரைவில் இருந்த திடீர்த் தாவலும் தேவைப்படாது.

விற்க வந்திருப்பதை மறைக்காதீர்கள். சிலர் முதல் மெயிலில் ரசிகராகப் பேசிவிட்டு, பதில் வந்ததும் விலைப்பட்டியலை நீட்டுவார்கள். அதைப் பெற்றவர் முதல் மெயிலையும் சேர்த்துப் பொய் என்று எடுத்துக்கொள்வார்.

‘வணக்கம், நலமா, என் பெயர் இன்னது’ என்று நீங்கள் ஆரம்பிப்பதும் இடத்தை வீணாக்குகிறது. இன்பாக்ஸில் தலைப்புக்குப் பக்கத்தில் மெயிலின் முதல் சில சொற்கள்தான் தெரியும். ஃபோனில் இன்னும் குறைவு. அந்த இடத்தில் ‘ஆட்டோகோனர் வால்வுகளை மூடியதும்’ என்று இருந்தால் அவர் கை நிற்கும். பெயரைக் கீழே கையெழுத்தில் போட்டால் போதும்.

கட்டுரையோடு மாறுபட்டு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. மேலாளரின் கசிவுக் கணக்கு லோடு-அன்லோடு கம்ப்ரஸருக்குத்தான் பொருந்தும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையில் நேரத்தை வைத்து அப்படியே கணக்குப் போட முடியாது. அவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ‘இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஆலையில் எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேட்டால் அதுவும் நல்ல தொடக்கம்தான். ‘நீங்கள் விட்டுவிட்டீர்கள்’ என்று எழுதினால் மட்டும் காரியம் கெடும்.

பேச்சு என்றால் கடைசிவரை கேளுங்கள், முக்கியமாகக் கேள்வி-பதில் பகுதியை. தயாரித்து வந்த ஸ்லைடு முடிந்த பிறகுதான் ஆட்கள் உண்மையான தொல்லைகளைப் பேசுவார்கள். நானே இதில் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். கம்ப்ரஸர் விற்ற காலத்தில், ஒரு கருத்தரங்க நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு ஒருவருக்கு ‘உங்கள் பேச்சில் சொன்ன மாதிரி’ என்று மெயில் போட்டேன். அன்று அவருக்குக் காய்ச்சல், பேசியது அவருடைய உதவியாளர். இரண்டே சொல்லில் பதில் வந்தது: “நான் வரவில்லை.” அந்த ஆலைப் பக்கம் போக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

எல்லோருக்கும் இந்த முறை ஒத்துவராது. நிர்வாக இயக்குநர் பெயரில் வரும் கட்டுரைகள் பல விளம்பரப் பிரிவு எழுதியவை. அவற்றைத் தொட்டுப் பேசினால் அவருக்கே நினைவிருக்காது. ஆறேழு வருடம் பழைய கட்டுரை என்றால் அந்த எந்திரமே இப்போது இருக்கிறதோ இல்லையோ. அப்பா இறந்ததைப் பற்றி ஒருவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டு கருவி விற்கப் போகவே கூடாது. சொல்ல எதுவும் தோன்றவில்லையா, பாராட்டே இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள். அதிலும் குறையில்லை.

ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து இரண்டு வரி எழுத எனக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் நாற்பது பேர் இருபது மணி நேர வேலை. ஒரே வாரத்தில் முடியாது, நாளுக்கு மூன்று பேர் போதும்.

இந்த மேலாளரிடமிருந்து சீல்களைப் பற்றி மட்டும் பதில் வந்து, கருவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் போகலாம். அப்போது நீங்களும் சீல்களைப் பற்றியே பேசுங்கள். ஒரு மணி நேர அனுமதியை உடனே திரும்பக் கேட்க வேண்டாம். அதற்குள் வேறு ஏதாவது ஒரு ஆலையில் ஆட்டோகோனர் வால்வுகளை மூடி நீங்களே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அங்கே என்ன எண் வந்தது என்று அவருக்கும் எழுதுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதக்காரன்