ஜாக்பாட் பெருத்தால் சீட்டு லாபமாகுமா?

பல வாரங்களாக யாருக்கும் விழாமல் முதல் பரிசு சேர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் லாட்டரிச் சீட்டு வாங்குவது லாபக் கணக்காகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது முழு மூடநம்பிக்கை அல்ல. முன்பு தோற்றவர்களின் பணம் அடுத்த குலுக்கலுக்குச் சேரும்போது பரிசு மெய்யாகவே பெருக்கிறது. வெல்லும் வாய்ப்போ அப்படியே இருக்கிறது. ஆகவே சீட்டின் மதிப்பு ஏறத்தான் வேண்டும் என்று தோன்றும். எங்கே இடறுகிறது என்பதைக் காண, அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 2016 ஜனவரி 13 அன்று நடந்த குலுக்கலை எடுத்துக்கொள்வோம். அறிவிக்கப்பட்ட முதல் பரிசு 158.6 கோடி டாலர். அதுவரை எந்த லாட்டரியும் கண்டிராத தொகை.

ஒரு சீட்டின் விலை 2 டாலர். அதில் எண்களைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய 29.22 கோடி வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் முதல் பரிசு. ஒவ்வொரு பரிசையும் அது விழும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால், ஒரு சீட்டுக்குச் சராசரியாக எவ்வளவு திரும்பி வரும் என்பது தெரியும். இதைத்தான் எதிர்பார்ப்பு மதிப்பு என்கிறோம். அப்போது முதல் பரிசு 4 கோடி டாலரில் தொடங்கிய சாதாரண வாரத்தில் இது சுமார் 46 சென்ட். அதிலும் 32 சென்ட் சிறு பரிசுகளால் வருவது. 2 டாலர் கொடுத்து 46 சென்ட் வாங்குவதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

பெருத்த பரிசில் முதலில் கவனிக்க வேண்டியது, 158.6 கோடி என்பது 29 ஆண்டுகளில் 30 தவணைகளாகத் தரப்படும் தொகையின் கூட்டல் என்பது. கையில் ரொக்கமாகக் கேட்டால் 98.35 கோடிதான். அதை 29.22 கோடியால் வகுத்தால் 3.37 டாலர் வருகிறது. சிறு பரிசுகளையும் சேர்த்தால் 3.69. ரொக்கத்தை வைத்துப் பார்த்தும் 2 டாலரைத் தாண்டிவிட்டதே என்று பலர் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வகுத்தலில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: வென்றால் முழுப் பரிசும் எனக்கே. பவர்பாலில் எண்ணைத் தேர்வது வாங்குபவர். ஒரே எண்களைப் பத்துப் பேர் எழுதலாம். விழுந்தால் பத்துப் பேரும் பங்கிட வேண்டும். கேரளச் சீட்டில் ஒரு வரிசையின் ஒரு எண் ஒருவரிடம்தான் இருக்கும் என்பதால், அங்கே பழகிய கண்ணுக்கு இந்தச் சிக்கல் எளிதில் படாது.

அந்தக் குலுக்கலுக்கு விற்ற சீட்டுகள் சுமார் 63.5 கோடி. பரிசு பெருத்த செய்தி பரவப் பரவ, வழக்கமாக வாங்காதவர்களும் வரிசையில் நின்றார்கள். முதல் பரிசை இத்தனை சீட்டுக்கும் பகிர்ந்தால் சீட்டுக்கு 1.55 டாலர். எல்லோரும் எண்களை ஒழுங்கின்றித் தேர்ந்தார்கள் என்று கொண்டால், யாருக்காவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 89. அதையும் பெருக்கினால் 1.37 டாலர். சிறு பரிசுகளோடு 1.69. ஆக, வரி பிடிப்பதற்கு முன்பே 2 டாலர் சீட்டு நஷ்டம். அந்த ஆண்டின் உச்ச மத்திய வருமான வரியான 39.6 சதவீதத்தை முதல் பரிசில் கழித்தால் மதிப்பு சுமார் 1.15 டாலருக்கு இறங்கிவிடும். நடந்ததும் இதுவே: கலிபோர்னியா, ஃபுளோரிடா, டென்னசி மாநிலங்களில் விற்ற மூன்று சீட்டுகளுக்கு விழுந்து, பரிசு மூன்றாகப் பிரிந்தது.

பிறர் தேராத எண்களைத் தேர்ந்தால் பங்கு குறையாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறந்தநாளை வைத்து எழுதுபவர்கள் 31-க்குள் நின்றுவிடுவதால், பெரிய எண்கள் ஓரளவு உதவும். ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. 1995 ஜனவரியில் பிரிட்டனின் தேசிய லாட்டரியில் 7, 17, 23, 32, 38, 42 என்ற எண்கள் விழுந்தன. ஆறில் மூன்று 31-ஐத் தாண்டியவை. ஆனாலும் முதல் பரிசை 133 பேர் பங்கிட்டார்கள்.

மதிப்பு விலையைத் தாண்டவே தாண்டாது என்று சொல்ல மாட்டேன். 1992-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டரியில் 1 டாலர் சீட்டு. எண் சேர்க்கைகள் சுமார் 70.6 லட்சம்தான், பரிசோ சேர்ந்து சேர்ந்து 2.7 கோடி டாலர் ஆகியிருந்தது. ஆஸ்திரேலிய முதலீட்டுக் குழு ஒன்று எல்லாச் சேர்க்கைகளையும் வாங்க முனைந்து, நேரம் போதாமல் ஏறத்தாழ 50 லட்சத்தோடு நின்றது, ஆனாலும் வென்றது. வேறொருவருக்கும் அதே எண்கள் விழுந்திருந்தால் பாதி போயிருக்கும். ஒற்றைச் சீட்டு வாங்குபவருக்கு இந்த வழி திறந்ததில்லை.

சிங்கப்பூரின் டோட்டோவிலும் முதல் பரிசு வென்றவர்களிடையே பங்கிடப்படுகிறது. அங்கே வாங்கும் வாசகர்கள் பரிசுத் தொகையைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் குலுக்கலுக்கு எவ்வளவு பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.