பேனலுக்குள் எலி

கேள்வி: மோட்டார் ரூம் பேனலில் எலி வயரைக் கடிக்கிறது. விஷம் வைத்தும் தீரவில்லையே?
– வாசகர், மத்தூர்

பதில்: விஷம் தின்ற எலி பேனலுக்குள்ளேயே செத்தால் ஷார்ட் ஆகலாம். 2013 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஓர் எலி ஸ்விட்ச்போர்டை ஷார்ட் ஆக்கியதில், எரிபொருள் தொட்டிகளின் குளிரூட்டலே நின்றுபோனது.

அதனால் எலி நுழையும் வழியை அடைத்துவிடுங்கள். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்தபின் எலக்ட்ரீஷியனை விட்டு, கேபிள் நுழையும் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கேபிளுக்குப் பொருத்தமான கிளாண்டு போட்டு, மிச்ச ஓட்டைகளைத் தகரத்தால் மூடுங்கள். வெறும் ஃபோமை எலி கடித்துவிடும்; இரும்பு நாரோ உதிர்ந்து டெர்மினலில் விழுந்தால் ஆபத்து. கடிபட்ட வயரை டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள். பிறகும் புதுப் புழுக்கை தெரிந்தால், இன்னொரு ஓட்டை பாக்கி இருக்கிறது.