காலரில் முதலில் படியும் அழுக்கு

எட்டாம் வகுப்பில் சோப்பின் செயல்பாட்டை விளக்கும்போது கரும்பலகைப் படம் மட்டும் போதவில்லை. எங்கள் ராசிங்காபுரம் பள்ளியில் ஒரு மாணவனின் சட்டைக் காலர்தான் பாடத்தை நடத்தியது. காலரின் மடிப்பு விளிம்பில் நூல் பிய்ந்து தொங்கியது. "மஞ்சக் கறை போகலைன்னு அம்மா பிளீச்சிங் போட்டு பிரஷ்ல தேய்ச்சாங்க சார்" என்றான். கறை பாதிதான் போயிருந்தது.

சட்டையின் மற்ற பகுதி உடலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். காலர் கழுத்தை விடாமல் உரசும். தோலில் சுரக்கும் எண்ணெய், உதிரும் தோல் செதில், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் எல்லாம் அந்த மடிப்பில் ஊறுகின்றன. எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிக் கருமை வருகிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சளாகிறது. எனது முழுக்கைச் சட்டையில் வலது கைப்பட்டிதான் எப்போதும் அதிகம் அழுக்காகும். எழுதும் கை மேசையையும் பலகையையும் தேய்ப்பதுதான் காரணம்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்திருப்பதை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால், குளிர்ந்த நீரில் எண்ணெய்க்கறை ஏன் இளகுவதில்லை என்று கேட்டால் அவர்களே விடை சொல்லிவிடுகிறார்கள்.

நாங்கள் செய்தது இது. நனைக்காத காலரில், பாத்திரம் கழுவும் திரவத்தில் நான்கைந்து சொட்டு விட்டு விரலால் தடவினோம். முதலிலேயே நனைத்தால் நூலிழைகளில் நீர் நிறைந்து, திரவமும் நீர்த்துப்போகும். 15 நிமிடம் கழித்து, பழைய மென்மையான பல் துலக்கியால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, கை பொறுக்கும் வெந்நீரில் அலசினோம். பிறகு வழக்கமான துவைப்பு. பாலியெஸ்டர் கலந்த சீருடைத் துணி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு இதே முறையை இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது.

எண்ணெய் போனதா என்று அறிய, காய்ந்த காலரில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். அதே சட்டையின் கீழ் விளிம்பிலும் ஒன்று. கீழே உடனே ஊறி, காலரில் மட்டும் முத்தாக நின்றால் எண்ணெய் மிச்சமிருக்கிறது.

எண்ணெய் போன பின்னும் மஞ்சள் தங்கினால், வெள்ளைப் பருத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அரை மணி நேரம் விட்டு நன்றாக அலசலாம். நிறத் துணியென்றால் உள்மடிப்பில் சோதித்த பிறகே. பிளீச்சிங்குடன் கலக்கவே கூடாது. குளோரின் பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளையே அறுக்கிறது. வியர்வைப் புரத மிச்சத்தோடு சேர்ந்து மஞ்சளைக் கூட்டவும் செய்யும்.

அந்த மாணவனின் காலரில் கறை பெரும்பாலும் போயிற்று. பிய்ந்த நூலைச் சேர்க்க வழியில்லை. தையல்காரர் காலரைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துக் கொடுத்தார்.